வரிசை கலைந்த பத்திரப் படங்களை ஒரே மொழிபெயர்ப்பாக்குவது

கேள்வி: தாத்தா காலத்துப் பாகப்பிரிவினைப் பத்திரத்தை ஊரிலிருந்து தம்பி போனில் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறான். முன்னும் பின்னுமாகக் கலந்து கிடக்கிறது, பக்க எண்ணும் இல்லை. இதை ஒரே ஆங்கில மொழிபெயர்ப்பாக வக்கீலிடம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பக்கமாக மொழிபெயர்த்து வைத்துக்கொண்டு, கடைசியில் வரிசைப்படுத்திச் சேர்த்தால் போதாதா?

போதாது. நம் பத்திரத் தமிழில் வினை கடைசியில்தான் வரும். அந்தக் கடைசி பெரும்பாலும் அடுத்த பக்கத்தில் இருக்கும். "மேற்படி கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொள்ள பாத்தியம்" என்று ஒரு பக்கம் முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பக்கம் "உண்டு" என்று தொடங்குகிறதா, "கிடையாது" என்று தொடங்குகிறதா என்று தெரியாமல் அந்த வாக்கியத்தை எந்த மொழியிலும் எழுத முடியாது. ஆங்கிலத்தில் வினையை முன்னால் கொண்டுவர வேண்டும் என்பதால் இன்னும் சிக்கல். எதையாவது ஊகித்து எழுதிவிடுவோம், பிறகு சேர்க்கும்போது அதைத் திருத்த மறந்துவிடுவோம். முதலில் வரிசை, அப்புறம் முழுத் தமிழையும் ஒரே ஓட்டமாக எழுதிக்கொள்வது, அதற்குப் பிறகுதான் மொழிபெயர்ப்பு.

பழைய பத்திரங்களை ஆங்கிலத்தில் மாற்றித் தருவது என் தொழில். சென்ற ஆண்டு என்னிடம் வந்த ஒன்று கிட்டத்தட்ட உங்களுடையதைப் போலத்தான். 1983இல் பதிவான பாகப்பிரிவினை. மூன்று அண்ணன் தம்பிகள், கையெழுத்துப் பிரதி, 13 படங்கள். அதையே வைத்துச் சொல்கிறேன்.

படங்களின் பெயரை நம்பி வரிசைப்படுத்தத் தொடங்காதீர்கள். `IMG-20240312-WA0027.jpg` என்ற பெயரில் உள்ள தேதி வாட்ஸப்பில் வந்த தேதி, கடைசி எண் உங்கள் போனில் அது சேமிக்கப்பட்ட வரிசை. பத்திரத்தின் பக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எடுத்த நேரம் படத்துக்குள் பதிந்திருக்குமே என்றால், சாதாரணமாக அனுப்பும்போது வாட்ஸப் அதைக் கழற்றிவிடுகிறது. தம்பியின் போனில் இருக்கும் மூலப்படத்தில்தான் அது இருக்கும்.

நம்பத் தகுந்தது பத்திரத்திலேயே இருக்கிறது. பதிவான ஆவணத்தில் சார்பதிவாளர் அலுவலகம் ஒவ்வொரு தாளிலும் ஒரு முத்திரை போட்டிருக்கும்: ஒன்றாவது புத்தகம், ஆண்டு, ஆவண எண், இத்தனை தாள்களை உடையது, இது இத்தனையாவது தாள். படம் மங்கலாக இருந்தாலும் பெரிதாக்கிப் பார்த்தால் கையால் எழுதிய அந்த எண்ணாவது தெரியும். என் பத்திரத்தில் 'ஆறு தாள்களை உடையது' என்று தெளிவாக இருந்தது. முத்திரையெல்லாம் தாளின் முன்பக்கத்தில். ஆக, ஆறு முன்பக்கங்களும் பத்து நிமிடத்தில் வரிசைக்கு வந்துவிட்டன.

இங்கே ஒரு பொறி உண்டு. பதிவுச் சான்றில் "1 புத்தகம், இத்தனையாவது தொகுதி, 235 முதல் 244 வரை பக்கங்களில்" என்று ஒரு வரி வரும். அது இந்தப் பத்திரத்தின் பக்க எண் அல்ல. பதிவு அலுவலகத்தில் இதை நகல் எடுத்து எழுதிவைத்த பெரிய புத்தகத்தின் பக்க எண். பத்துப் பக்கம் இருக்க வேண்டுமே என்று தேடி அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதேபோல முத்திரைத்தாளில் அச்சடித்திருக்கும் வரிசை எண்ணும் துணைச் சான்றுதான். வெண்டரிடம் வாங்கிய கட்டில் எதை முதலில் எடுத்து எழுதினார்கள் என்பதை அந்த எண் சொல்லாது.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். முத்திரை எண்ணுவது தாளை, பக்கத்தை அல்ல. ஆறு தாள் என்றால் பன்னிரண்டு பக்கம். அவற்றில் சிலது காலியாக இருக்கலாம், சிலதில் பதிவுக் குறிப்புகள் மட்டும் இருக்கலாம், மற்றவற்றில் பத்திரத்தின் வாசகமே தொடரலாம். எனவே முன்பக்கங்கள் வரிசையாகிவிட்டன என்பது பாதி வேலைதான். எந்தப் பின்பக்கம் எந்தத் தாளுக்கு உரியது என்று பார்க்க வேண்டும்.

அதற்குத் தாளின் காயங்கள் உதவும். நான்காம் தாளின் முன்பக்கத்தில் வலது மேல் மூலை கிழிந்திருந்தால், அதன் பின்பக்கத்தில் இடது மேல் மூலை கிழிந்திருக்க வேண்டும். நூல் கோத்த துளைகள் முன்பக்கத்தில் இடதோரம் என்றால் பின்பக்கத்தில் வலதோரம். தண்ணீர் பட்ட கறை, கரையான் அரித்த ஓட்டை, மடித்த இடத்தில் விட்டுப்போன கோடு எல்லாமே கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம்வலமாக மாறி வரும். பழைய மசி ஊறி மறுபக்கத்தில் தெரிவதும் உண்டு. படத்தைத் திருப்பிவைத்துப் பார்த்தால் முன்பக்க முத்திரையின் வட்டம் பின்பக்கத்தில் மங்கலாகத் தெரியும். என் 13 படங்களில் முதல் தாள், ஐந்தாம் தாள், ஆறாம் தாள் ஆகியவற்றின் பின்பக்கங்களை இப்படித்தான் உறுதி செய்தேன். இரண்டும் மூன்றும் சுத்தமான தாள்கள். அவற்றுக்கு வாசகத்தைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

வாசகத்தை ஒட்டிப் பார்க்க, ஒவ்வொரு படத்துக்கும் முதல் மூன்று சொல்லையும் கடைசி மூன்று சொல்லையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இதில் தமிழ் இலக்கணமே நமக்குச் சாட்சி சொல்லும். ஒரு பக்கம் "மேற்படி பாகத்தைப்" என்று ப்-இல் முடிந்தால் அடுத்த பக்கம் 'ப'வில்தான் தொடங்க வேண்டும், 'பற்றி', 'பெற்று', 'பிரித்து' இப்படி ஏதோ ஒன்று. பத்திர எழுத்தர்கள் இந்த ஒற்றெழுத்தைப் பாதி இடங்களில் போடமாட்டார்கள் என்பதால், ஒற்று இல்லையென்றால் அதில் எதுவும் தெரியாது. இருந்தால் அது பலமான சான்று. இன்னும் நல்லது, சொல்லே உடைவது. கோடு கீடு எதுவும் போடாமல் ஓரம் வந்த இடத்தில் சொல்லை முறித்துவிடுவார்கள். இரண்டாம் தாளின் பின்பக்கம் "ஆண்டனு" என்று முடிந்தது, மூன்றாம் தாள் "பவித்து" என்று தொடங்கியது. அதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

ஆனால் வாக்கியம் ஒட்டுகிறது என்பதாலேயே பக்கம் ஒட்டிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பாகப்பிரிவினையில் ஒரே வாசகம் ஒவ்வொரு பங்காளிக்கும் திரும்பத் திரும்ப வரும். "சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் ஆண்டனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்பது மூன்று பேருக்கும் மூன்று தடவை. எந்தப் பக்கத்தை எதன் பின்னால் வைத்தாலும் இலக்கணப்படி சரியாகத்தான் இருக்கும், ஆனால் அண்ணன் நிலம் தம்பிக்குப் போயிருக்கும்.

என் கதையில் நடந்ததும் இதுதான். நோட்டில் முதல் சொற்களை எழுதும்போது இரண்டு படங்கள் ஒரே சொற்களில் தொடங்கி ஒரே சொற்களில் முடிவதைக் கவனித்தேன். ஒன்று நேராக எடுத்தது, மற்றது சாய்வாக, நிழல் விழுந்து. பார்வைக்கு இரண்டு வேறு பக்கங்கள் போலவே இருக்கும். பத்திரத்தைக் கொண்டுவந்தவர் ஒன்றை மூன்றாம் தாளின் பின்பக்கம் என்றும், மற்றதை நான்காம் தாளின் பின்பக்கம் என்றும் குறித்து வைத்திருந்தார். உண்மையில் இரண்டுமே மூன்றின் பின்பக்கம். இன்னொரு படம் முதல் தாளை ஆட்டத்தோடு எடுத்துவிட்டு மறுபடி எடுத்தது. அந்த இரண்டையும் கழித்தால் 11. அதாவது ஆறு முன்பக்கம், ஐந்து பின்பக்கம். நான்காம் தாளின் பின்பக்கம் இல்லை.

சரி, அது காலிப் பக்கமாக இருக்கலாமே என்று நினைத்தேன். நினைக்கக் காரணமும் இருந்தது. நான்காம் தாளின் முன்பக்கம் இப்படி முடிந்தது: "மேற்படி நிலத்திலுள்ள கிணற்றில் நம்மில் 3 லக்கமிட்டவருக்குத் தண்ணீர் இறைத்துக்கொள்ள பாத்தியம்". ஐந்தாம் தாளின் முன்பக்கம் "உண்டென்றும்" என்று தொடங்கியது. துளி இடைவெளி இல்லாமல் ஒட்டுகிறது. மூன்றாவது தம்பிக்குக் கிணற்றில் உரிமை உண்டு. மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தால் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.

காப்பாற்றியது ஒரு கூட்டல். ஒவ்வொரு பங்காளியின் சொத்துப் பட்டியலான ஷெட்யூலின் முடிவிலும் "ஆக" என்று ஒரு வரி இருக்கும், அந்தப் பங்குக்கு வந்த மொத்த விஸ்தீரணம். பி ஷெட்யூல் நான்காம் தாளில் தொடங்கி ஐந்தாம் தாளில் "ஆக ஏக்கர் 3.86" என்று முடிந்தது. ஐட்டங்களுக்கு எண் போடவில்லை, "மேற்படி கிராமம் ச.நெ." என்று சர்வே எண்ணோடு ஒன்றன்கீழ் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தது. நான்காம் தாளின் முன்பக்கத்தில் 1.10, 0.92. ஐந்தாம் தாளில் 1.10. கூட்டினால் 3.12. (பத்திரத்தில் ஏக்கர் 1.10 என்றால் ஒரு ஏக்கர் பத்து சென்ட். 100 சென்ட் ஒரு ஏக்கர் என்பதால் சாதாரணத் தசமக் கூட்டலே போதும்.) 74 சென்ட் குறைகிறது. எங்கேயோ ஒரு நிலம் காணவில்லை.

ஊரில் இருந்தவரிடம் நான்காம் தாளை மட்டும் திருப்பிப் படம் எடுத்து அனுப்பச் சொன்னோம். புரட்டும்போது அந்த ஒரு பக்கம் மட்டும் தவறிவிட்டிருக்கிறது. வந்த படத்தின் முதல் சொல் "கிடையாதென்றும்". அதன் கீழே 74 சென்ட் புஞ்சை. அந்தப் பக்கத்தின் கடைசி வரி "கிழமேல் வண்டிப்பாதையில் நடந்துகொள்ள பாத்தியம்". ஐந்தாம் தாளின் "உண்டென்றும்" அந்த வண்டிப்பாதைக்குச் சொன்னது, கிணற்றுக்கு அல்ல. மூன்றாவது தம்பிக்குக் கிணற்றில் உரிமை இல்லை, பாதையில் நடக்க உரிமை உண்டு. நான் முதலில் எழுதியிருக்கக்கூடிய வாக்கியத்துக்கு நேர் எதிர்.

எனவே வரிசை முடிந்ததும் எண்களைச் சரிபார்த்துவிடுங்கள். ஒவ்வொரு ஷெட்யூலின் விஸ்தீரணமும் 'ஆக' வரியோடு ஒத்துப்போக வேண்டும். நான்கெல்லையும் நல்ல சோதனை. அண்ணன் தம்பிகள் ஒரே நிலத்தைப் பிரித்தால் ஒருவரின் பங்கு அடுத்தவரின் எல்லையாக வரும். ஏ ஷெட்யூல் நிலம் பி ஷெட்யூல் நிலத்துக்கு மேற்கு என்றால், பி ஷெட்யூலில் அந்தப் பங்கின் நிலம் ஏ ஷெட்யூல் நிலத்துக்குக் கிழக்கு என்று வர வேண்டும். ஒரு காகிதத்தில் கட்டம் போட்டுப் பார்த்தால் பக்கம் மாறியிருப்பது உடனே தெரியும்.

நான்கெல்லை என்றதும் ஞாபகம் வருகிறது, மொழிபெயர்ப்பில் அதிகம் தவறுவது இங்கேதான். "வாய்க்காலுக்கும் கிழக்கு, வண்டிப்பாதைக்கும் வடக்கு" என்றால், நிலம் வாய்க்காலுக்குக் கிழக்கே இருக்கிறது. அதாவது வாய்க்கால் நிலத்தின் மேற்கெல்லை. ஆங்கிலத்தில் 'கிழக்கு எல்லை வாய்க்கால்' என்று எழுதினால் நிலம் தலைகீழாகிவிடும். "வாய்க்காலுக்கும்" என்பதோடு பக்கம் முடிந்து, திசை அடுத்த பக்கத்தில் இருந்தால் இந்தத் தவறு நடப்பது இன்னும் சுலபம். சில எழுத்தர்கள் "கிழக்கில் வாய்க்கால்" என்றே எழுதுவார்கள், அப்போது வாய்க்கால் கிழக்கெல்லைதான். ஒரு பத்திரத்துக்குள் பெரும்பாலும் ஒரே பாணிதான் இருக்கும், எது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது படங்களுக்கு உங்கள் பெயரைக் கொடுங்கள், ஆனால் பழைய பெயரை அழிக்காதீர்கள். நான் முன்பக்கத்துக்கு a, பின்பக்கத்துக்கு b என்று வைத்துக்கொள்கிறேன்:

```
4a_IMG-20240312-WA0027.jpg
4b_IMG-20240319-WA0002.jpg
5a_IMG-20240312-WA0022.jpg
```

பிறகு வக்கீலோ தம்பியோ 'அந்த WA0022 படத்தில் என்ன இருக்கிறது' என்று கேட்டால் தேட வேண்டியதில்லை.

அடுத்து, தமிழை அப்படியே தட்டச்சு செய்யுங்கள். பழைய எழுத்துப்பிழைகளையும் திருத்தாமல், பக்கம் மாறும் இடத்தில் மட்டும் சதுர அடைப்புக்குள் [4 பின்] என்று போட்டுக்கொண்டு, ஒரே ஓட்டமாக. இந்த வேலையைத் தாவிவிட்டு நேராக ஆங்கிலத்துக்குப் போகலாம் என்று தோன்றும். நான் அப்படிச் செய்வதில்லை. கையெழுத்தைப் படிப்பதும் மொழிபெயர்ப்பதும் இரண்டு வேறு கவனங்கள், ஒன்றாகச் செய்தால் இரண்டிலும் ஓட்டை விழும். தட்டச்சு செய்த பிரதியை ஊரில் பத்திரம் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டி, சந்தேகமான சொற்களைக் கேட்கவும் வசதி.

இந்த ஓட்டத்தில் முதல் தாளின் பின்பக்கத்தை மட்டும் இடையில் செருகாதீர்கள். பெரும்பாலான பத்திரங்களில் அங்கே இருப்பது பதிவு அலுவலகத்தின் புறக்குறிப்பு: எந்த நாள், எத்தனை மணிக்கு, யார் தாக்கல் செய்தார், யார் எழுதிக்கொடுத்ததாக ஒப்புக்கொண்டார், யார் அடையாளம் காட்டினார், விரல் ரேகை. என் பத்திரத்தில் முதல் தாளின் முன்பக்கம் "கூட்டுக்குடும்பமாய் இருந்து வந்து" என்று பாதி வாக்கியத்தில் நின்றது. அதன் தொடர்ச்சி இரண்டாம் தாளில். நடுவே புறக்குறிப்பை வைத்தால் வாக்கியம் இரண்டாக வெட்டுப்படும். தாள் அடுக்கியிருக்கும் வரிசை வேறு, படிக்கும் வரிசை வேறு. நான் வாசகம், ஷெட்யூல்கள், கையெழுத்துகள், சாட்சிகள் எல்லாம் முடிந்த பிறகு 'முதல் தாளின் பின்பக்கத்தில் உள்ள பதிவுக் குறிப்புகள்' என்று தலைப்பிட்டுத் தனியாக வைக்கிறேன். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் இருக்கும் கையெழுத்துகளையும் இடையிடையே எழுதாமல், எல்லாப் பக்கத்திலும் மூவரின் கையெழுத்து இருக்கிறது என்று ஒரே குறிப்பில் சொல்லிவிடலாம்.

மொழிபெயர்க்கும்போது 'மேற்படி' என்ற சொல்லிடம் ஜாக்கிரதை. பத்திரம் முழுக்க மேற்படி கிராமம், மேற்படி நிலம், மேற்படியார் என்றே போகும். ஒரு பக்கம் இடம் மாறினால் மேற்படி கிராமம் வேறு கிராமமாகிவிடும். வரிசை உறுதியான பிறகும், அதை எடுத்துவிட்டு ஊர்ப்பெயரை நீங்களாக நிரப்பாதீர்கள், மூலத்தில் இருப்பது போலவே வைத்துவிடுங்கள். எது என்று முடிவு செய்வது வக்கீல் வேலை. சர்வே எண்ணும் அப்படித்தான். 1983 வாக்கில் எழுதிய பத்திரத்தில் இருப்பது பெரும்பாலும் பழைய எண், இன்றைய பட்டாவில் வேறு எண் இருக்கும். பட்டாவைப் பார்த்துத் திருத்தாமல், பத்திரத்தில் உள்ளதையே எழுதுங்கள். ஆட்பெயர்களுக்கு மட்டும் ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு, ஒருவருக்கு முதல் பக்கத்தில் எழுதிய ஆங்கில எழுத்துக்கூட்டலையே கடைசிவரை பயன்படுத்துங்கள்.

பக்கம் மாறும் குறியை ஆங்கிலத்திலும் போடலாம், போடுவது நல்லது. ஆனால் வினை இடம் மாறுவதால் சரியாக அதே சொல்லில் விழாது. வாக்கியத்துக்கு நடுவே திணிக்காமல், அருகில் உள்ள முடிந்த தொடருக்குப் பின்னால் [4ஆம் தாள், பின்பக்கம்] என்று போட்டால் போதும். படிக்க முடியாத இடத்தில், முத்திரை மறைத்திருக்கிறது, தாள் கிழிந்திருக்கிறது, சுமார் இரண்டு சொற்கள் என்று காரணத்தோடு எழுதுங்கள். ஒரு பக்கம் கிடைக்கவே இல்லையென்றால் அதற்கு முன்னால் தொங்கும் வாக்கியத்தை முடித்துவைக்க வேண்டாம். தொங்கவிட்டு, இங்கே ஒரு பக்கம் இல்லை என்று எழுதுங்கள். கடைசியில், இது மூல ஆவணத்தைப் பார்த்து அல்ல, இத்தனை படங்களைப் பார்த்துச் செய்தது என்று ஒரு வரி சேருங்கள்.

சந்தேகம் தீரவில்லையா? ஆவண எண்ணும் ஆண்டும் முத்திரையில் இருக்கிறதே, அதை வைத்து அந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகலுக்கு மனுப் போடலாம். அந்தக் காலத்தில் பத்திரத்தை அலுவலகப் புத்தகத்தில் தொடர்ச்சியாக எழுதிவைத்தார்கள் என்பதால், உங்கள் தாளில் பக்கம் உடையும் இடம் அந்த நகலில் ஒரு வரியின் நடுவில் வரும். "பாத்தியம்" என்பதற்கு அடுத்த சொல் என்ன என்று அங்கே பளிச்சென்று தெரியும். நகல் எழுதியவரும் மனிதர்தான், ஒரு வரியை விட்டிருக்கலாம். அதனால் வரிசையை உறுதி செய்ய அதைப் பயன்படுத்துங்கள், சொல்லுக்கு உங்கள் மூலத்தையே பாருங்கள்.

அதற்கு முன்னால் தம்பியை இன்னொரு முறை படம் எடுக்கச் சொல்லுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், தாளைத் தட்டையாக வைத்து நேர் மேலிருந்து, நான்கு மூலையும் தெரியும்படி எடுக்கட்டும். ஒவ்வொரு தாளின் பக்கத்திலும் "4 முன்", "4 பின்" என்று எழுதிய துண்டுச்சீட்டை வைத்து எடுக்கட்டும், சீட்டு எழுத்தின்மேல் படக் கூடாது. காலியாகத் தெரிகிற பின்பக்கத்தையும் எடுக்க வேண்டும். அனுப்பும்போது போட்டோவாக இல்லாமல் டாக்குமெண்டாக அனுப்பினால் படம் சுருங்காது, மூலப் பெயரும் அப்படியே வரும். தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தால் இழுத்துப் பிரிக்க வேண்டாம், முத்திரையின் மசியும் கூடவே உரிந்து வந்துவிடும். அப்படி இருந்தால் எந்த இரண்டு தாள் என்று மட்டும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள், அந்தப் பக்கங்களுக்குச் சான்றிட்ட நகலைப் பார்த்துக்கொள்ளலாம்.